ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகும் வந்த உறுமல்

நேற்று இரவு 11 மணிக்கு ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்துவிட்டு, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பச்சை விளக்கைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஏழு வாரமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். வேலை முடிந்த சூட்டோடு எழுதி வைத்துவிடுகிறேன். நான் செய்த தப்புகளில் ஒன்றிரண்டு மற்றவர்களுக்கு உதவும்.

ஆம்ப்ளிஃபையர் அப்பா வாங்கியது. கடையில் சொல்லிச் செய்யவைத்த அசெம்பிள்ட் செட். உள்ளே 28-0-28 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். ‘இ’ வடிவத் தகடும் ‘ஐ’ வடிவத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கிய சாதாரண வகை, எடை நாலரைக் கிலோ. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு தெரு அடங்கிய பிறகு ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமல், அதற்கு மேலே ‘கிர்ர்ர்’ என்று தகரம் அதிர்கிற மாதிரி இன்னொரு சத்தம். அப்பா காலையில் 5 மணிக்குப் பக்திப் பாட்டு போடுவார். பாட்டுக்கு நடுவே வரும் மௌனத்தில் இது மட்டும் தனியாகக் கேட்கும். “சுருதிப்பெட்டி தனியா வாங்க வேண்டாம்டா” என்பார்.

முதல் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையரில் உறுமல் என்றதும் எல்லோரும் சொல்வதை நானும் நம்பினேன்: ஃபில்டர் கெப்பாசிட்டர் போய்விட்டது. 10,000 மைக்ரோஃபேரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, 640 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். ஆன் செய்தேன். அதே உறுமல், கொஞ்சமும் மாறவில்லை. கடுப்பில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்டேன். உறுமல் அப்படியே இருந்தது! ஸ்பீக்கரே இல்லாதபோது சத்தம் வருகிறதென்றால் அது பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. இந்தச் சோதனைக்குப் பத்து வினாடி போதும். அதை 640 ரூபாய் செலவழித்த பிறகு செய்தேன்.

அடுத்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரண்டை வெளியே எடுக்கும் செகண்டரி வயர் மூன்றையும் போர்டிலிருந்து கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு, மெயின் வந்து சேரும் பிரைமரிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். அப்போதும் உறுமியது. ரெக்டிஃபையர், டிரான்சிஸ்டர், எர்த் லூப் எல்லாம் இத்தோடு வழக்கிலிருந்து விடுதலை. குற்றவாளி இரும்புதான்.

இரும்பு ஏன் கத்துகிறது என்பதை ரொம்ப இழுக்காமல் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் வேலைக்கு அது தேவைப்படும். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் மிக மிகச் சிறிய அளவில் மாறும். ஜூல் 1842-இல் கண்டறிந்த விஷயம் இது. டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் இந்த மாற்றம் மீட்டருக்குச் சில மைக்ரான் அளவுதான். என்னுடைய தகடு 95 மில்லிமீட்டர், அதில் ஒரு மைக்ரானில் பாதிகூட வராது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் அது ஓயாமல் நடக்கிறது. காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் நீளம் ஒரே பக்கமாகத்தான் மாறும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அசையும். அதனால் சத்தம் 100 ஹெர்ட்ஸ், கூடவே 200, 300 என்று அதன் மடங்குகள். இந்த ‘உம்ம்’ எந்த டிரான்ஸ்ஃபார்மரிலும் கொஞ்சம் இருந்தே தீரும். ‘கிர்ர்’ வேறு கதை. அடுக்கில் எங்கோ ஒரு தகடு தளர்ந்துபோய், பக்கத்துத் தகட்டின்மேல் தட்டித் தட்டி எழுப்பும் சத்தம் அது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருவதால் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

அளக்க ஏதாவது வேண்டுமே என்று போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றையும், அலைவரிசையைக் கோடு கோடாகக் காட்டும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொண்டேன். போன் காட்டும் டெசிபலை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போன், அதே 30 சென்டிமீட்டர் தூரம், ஃபேன் ஆஃப், இரவு 11 மணி என்று வைத்துக்கொண்டால் முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். அறை அமைதியாக இருக்கும்போது 30 காட்டியது. ஆம்ப்ளிஃபையர் ஆன் ஆனதும் 47. கோடுகளில் 100-உம் 200-உம் உயரமாக நின்றன. அதற்கப்புறம் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். அந்தச் சீப்புதான் ‘கிர்ர்’.

டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியிலிருந்து கழற்றி, நாலாக மடித்த பழைய போர்வையின்மேல் வைத்து ஆன் செய்தபோது 47-இலிருந்து 42-க்கு இறங்கியது. மிச்ச 5 டெசிபலைப் போட்டது பெட்டியின் அடித்தகடு. ஒரு மில்லிமீட்டர் தகரம், நாலு நட்டு, நடுவில் அதிரும் இரும்பு. வீணையின் குடம் செய்யும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. சரி, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ‘கிர்ர்’.

காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்து, டிரான்ஸ்ஃபார்மர் ஓடும்போதே அடுக்கின் விளிம்பில் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தேன். (குச்சி காய்ந்திருக்க வேண்டும், வெறுங்கால் கூடாது, இன்னொரு கை சட்டைப்பையில்.) மூன்று பக்கம் அழுத்தியும் ஒன்றும் மாறவில்லை. நாலாவது பக்கம், கடைசி ‘ஐ’ தகட்டின் நடுவில் குச்சி பட்டதும் ‘கிர்ர்’ சட்டென்று நின்றது. எடுத்தால் வந்தது, வைத்தால் நின்றது. கரண்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், கடைசி இரண்டு ‘ஐ’ தகடுகளுக்கும் அடுக்குக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி. தகடுகள் உரசிய இடத்தில் துருப்பொடி செம்மண் மாதிரி படிந்திருந்தது. அடுக்கு முழுதாக நிறையாமல் விட்டிருக்கிறார்கள். கடைசித் தகடுகள் காயில் சுற்றிய பாபினுக்குள் இறங்க மறுக்கும், அடித்து இறக்கப் பொறுமை வேண்டும், அதனால் இரண்டு மூன்றைக் குறைத்துவிட்டு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுவது நடக்கிற விஷயம்தான்.

தளர்வாக இருந்தால் முறுக்க வேண்டியதுதானே என்று பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நாலு மூலை போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினேன். இரண்டாவது தப்பு. சத்தம் ஒரு மூலையில் குறைந்து நடுவில் கூடிவிட்டது. நீள ஸ்கேலை மேல் கிளாம்ப் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நாலு மூலையை மட்டும் இறுக்கினால் கிளாம்ப் வில் மாதிரி வளைகிறது, நடுப்பகுதி மேலே எழும்பிவிடுகிறது. மூலையில் தகடுகள் நசுங்க, நடுவில் சுதந்திரமாக ஆடுகின்றன.

எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றியதில் ஒரு நன்மை: ஒரு போல்ட்டின் மேலே இருந்த காகித உறை கிழிந்திருந்ததைப் பார்த்தேன். அந்த உறை சும்மா இல்லை. தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. உறையில்லாத போல்ட் துளையில் உரசினால் எல்லாத் தகட்டையும் அது சேர்த்துவிடும், அந்த இடத்தில் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடு ஏறும். நாலு போல்ட்டுக்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் ஃபைபர் வாஷர் வைத்தேன். எல்லாம் சேர்த்து 40 ரூபாய்.

அப்புறம் தகடு. பழைய இரும்புக் கடையில் எரிந்துபோன ஸ்டெபிலைசர் ஒன்றை எடைக்கு வாங்கி, அதிலிருந்து அதே அளவுத் தகடுகளை உருவினேன். அரை மில்லிமீட்டர் தடிமன். விளிம்பில் பிசிறு இருந்தால் நைஸ் உப்புத்தாளில் ஒரே ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மேற்பரப்பைத் தேய்த்தால் காப்புப் பூச்சு போய்விடும். ‘இ’ தகடு இரண்டை, மேலே மரக்கட்டை வைத்து, மர சுத்தியால் மெதுவாகத் தட்டி இறக்கினேன். இரும்புச் சுத்தியால் நேராக அடித்தால் தகடு வளையும், அப்புறம் அந்த வளைவே புது இடைவெளியாகிவிடும். மூன்றாவது இறங்கவில்லை. வற்புறுத்தினால் பாபின் கிழியும் என்று விட்டுவிட்டேன். மிச்சமிருந்த மயிரிழைத் தளர்ச்சிக்கு, பாபினுக்கும் நடுத் தூணுக்கும் இடையே மூங்கில் சிம்பை ஆப்பாகச் சீவி இரண்டு பக்கமும் இறக்கினேன். வைண்டிங் கடைகளில் காலங்காலமாகச் செய்வது இது. காய்ந்த மூங்கில் கரண்டைக் கடத்தாது, உதிராது, விலையும் கிடையாது.

போல்ட்டை இந்தத் தடவை எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் முறுக்கினேன். கிளாம்ப் நடுவில் எழும்பாமல் இருக்க, அதற்கு அடியில் 3 மில்லிமீட்டர் ஃபைபர் பட்டை ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். போர்வைமேல் வைத்து அளந்தால் 42-இலிருந்து 39. சீப்புப் பற்களில் பாதி உதிர்ந்துவிட்டன.

மிச்சப் பாதிக்கு வார்னிஷ் என்று முடிவு செய்தேன். தகடுகளுக்கு நடுவில் நுழைந்து இறுகினால் அடுக்கு முழுவதும் ஒரே கட்டியாகிவிடும், தட்டுவதற்கு இடமே இருக்காது. முதலில் சோம்பேறித்தனமாக பிரஷ்ஷால் விளிம்பில் பூசிப் பார்த்தேன். பளபளப்பாக இருந்தது, சத்தம் ஒரு டெசிபல்கூட இறங்கவில்லை. வார்னிஷ் மேலேயே தோலாக உறைந்துவிட்டது, உள்ளே போகவே இல்லை. முக்கித்தான் ஆக வேண்டும்.

காற்றில் உலரும் இன்சுலேட்டிங் வார்னிஷ் 2 லிட்டர், அதற்கே உரிய தின்னர் அரை லிட்டர், மொத்தம் 820 ரூபாய். கண்ட தின்னரையும் ஊற்றினால் காயில் கம்பியின் எனாமல் இளகிவிடும் ஆபத்து உண்டு. முக்கும் முன்பு தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கர் இரவல் வாங்கி, பிரைமரிக்கும் இரும்புக்கும் நடுவே அளந்தேன்: 100 மெகாஓமுக்கு மேல். நல்லது. மே மாத வெயிலில் மொட்டை மாடியில் மூன்று மணி நேரம் கிடத்தினேன். பாளையங்கோட்டை வெயிலுக்குத் தனியாக அடுப்பு எதற்கு? இரும்பு தொட முடியாத அளவு சூடானது, உள்ளே இருந்த ஈரமும் போயிருக்கும். சூட்டோடு பிளாஸ்டிக் வாளியில் இருந்த வார்னிஷுக்குள் இறக்கினேன்.

அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். தகடுகளின் ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. நான் தகடு சேர்த்த பக்கத்தில் குறைவு. எதிர்ப் பக்கத்தில், நான் கையே வைக்காத இடத்தில், ஒரே இடுக்கிலிருந்து தடித்த குமிழிகள் ‘புளுக் புளுக்’ என்று வந்துகொண்டே இருந்தன. என் காது கண்டுபிடிக்காத இன்னொரு தளர்ந்த இடத்தை அந்தக் குமிழி காட்டிக்கொடுத்தது. குமிழி நிற்கும் வரை, கிட்டத்தட்ட 40 நிமிடம், வைத்திருந்தேன். வார்னிஷ் முழுதாக மூடாததால் தலைகீழாகப் புரட்டி இன்னொரு 40 நிமிடம். பின்பு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வடியவிட்டேன்.

மறுநாள் ஆசையாக மெக்கர் வைத்தால் 4 மெகாஓம்தான். உள்ளே தின்னர் காயவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் கரண்ட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவசரக்காரர்கள் சமையலறை ஓவனில் வைத்துவிடாதீர்கள், தின்னர் ஆவி தீப்பிடிக்கும். மூன்று முழு நாள் வெயில். நாலாம் நாள் மறுபடி 100-க்கு மேல்.

இப்போது ஆன் செய்தால் ‘கிர்ர்’ சுத்தமாக இல்லை. போனில் சீப்பு காணாமல் போய், 100-உம் 200-உம் மட்டும் இரண்டு கம்பமாக நின்றன. போர்வைமேல் 37. வெற்றி என்று பெட்டியில் மாட்டினேன். அன்று இரவு 11 மணிக்கு மறுபடி ‘உம்ம்ம்’. அளந்தால் 41. காலையில் குறைவு, இரவில் கூடுதல். மல்டிமீட்டரை பிளக் பாயின்ட்டில் செருகிப் பார்த்தேன்: மாலை 6 மணிக்கு 228 வோல்ட், இரவு 11 மணிக்கு 252.

மறுநாள் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கி, விரலால் விளிம்பைத் தடவி, “யாரு தம்பி வார்னிஷ் போட்டது?” என்றார்.

“நான்தான் அண்ணாச்சி.”

“நல்லாத்தான் போட்டிருக்கீரு. ஆனா போடறதுக்கு முந்தி இங்க கொண்டாந்திருக்கக் கூடாதா? இனி இந்தத் தகட்டை எப்படி உருவ?”

எனக்குப் புரியவில்லை. அவர் பேசாமல் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, காயிலுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைத்து, நடுத் தூணைச் சுற்றிச் சரியாக 10 சுற்று சுற்றினார். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் பிரைமரிக்கு 230 வோல்ட் கொடுத்து, அந்த 10 சுற்றில் மீட்டரை வைத்தார். 6.2 வோல்ட். “ஒரு சுத்துக்கு 0.62. வோல்ட்டுக்கு 1.6 சுத்துதான் சுத்தியிருக்கான். செம்பை மிச்சம் பிடிச்சிட்டான்” என்றார்.

காயிலைப் பிரிக்காமலே சுற்று எண்ணும் இந்த வித்தைதான் இந்த ஏழு வாரத்தில் நான் கற்றதிலேயே உருப்படியானது. வீட்டுக்கு வந்து, சுற்று குறைந்ததால் இரும்பில் காந்தம் எவ்வளவு செறிவாக ஏறுகிறது என்று கணக்குப் போட்டேன். நடுத் தூண் 38 மில்லிமீட்டர் அகலம், அடுக்கு 50 மில்லிமீட்டர். தகடுகளுக்கு நடுவேயான இடைவெளிக்கு 5 சதவீதம் கழித்தால் இரும்பின் பரப்பு 0.0018 சதுர மீட்டர்.

```
B = V / (4.44 × f × N × A)
0.62 / (4.44 × 50 × 1 × 0.0018) ≈ 1.55
```

அதாவது 230 வோல்ட்டிலேயே காந்தச் செறிவு 1.55 டெஸ்லா. இரவில் 252 வோல்ட் வரும்போது 1.7. இந்த மாதிரிச் சாதாரணத் தகட்டுக்கு 1.2 பக்கம் வைத்துச் சுற்றினால் அமைதியாக இருக்கும். அதற்கு வோல்ட்டுக்கு 2.1 சுற்று, பிரைமரியில் 480 சுற்று வேண்டும். இதில் இருப்பது 370. 1.7-இல் இரும்பு திணறுகிறது, நீளமும் கூடுதலாக மாறுகிறது, சத்தமும் ஏறுகிறது. அண்ணாச்சி கடையில் லோடு இல்லாமல் பிரைமரி கரண்டையும் அளந்திருந்தோம்: 200 வோல்ட்டில் 0.11 ஆம்பியர், 230-இல் 0.21, 250-இல் 0.46. மீட்டர் மலிவானது, அலைவடிவமும் கோணலாக இருக்கும், அதனால் எண்களைத் துல்லியமாக எடுக்க வேண்டாம். ஆனால் வோல்ட்டேஜ் ஒன்பது சதவீதம் கூடினால் கரண்ட் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. இரும்பு நிறைந்து வழிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

போல்ட்டையும் ஆப்பையும் வார்னிஷையும் எவ்வளவு போட்டாலும் இது அடங்காது. அவையெல்லாம் தகடு தகட்டைத் தட்டுவதை நிறுத்தும். தகடே நீண்டு சுருங்குவதை எந்த ஆப்பும் நிறுத்தாது. அதற்குக் காந்தச் செறிவைத்தான் குறைக்க வேண்டும். இரண்டு வழி. ஒன்று, கூடுதல் சுற்றோடு மறுபடி வைண்டிங். தகடுகளை உருவினால்தான் அது முடியும், நானோ அவற்றை வார்னிஷில் கல்லாக்கி வைத்திருக்கிறேன். புது டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 3,800 ரூபாய் சொன்னார். இரண்டாவது வழி, அதற்குப் போகும் வோல்ட்டேஜையே குறைப்பது.

இரண்டாவதைப் பிடித்தேன். 12-0-12 வோல்ட், 2 ஆம்பியரில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 330 ரூபாய். அதன் பிரைமரியை மெயினுக்கு நேராகக் கொடுத்து, செகண்டரியின் இரண்டு ஓர முனைகளைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்குப் போகும் வயரில் வரிசையாக, எதிர்த் திசையில் சேர்த்தால், அந்த 24 வோல்ட் மெயினிலிருந்து கழியும். பெரியதன் பிரைமரியில் ஓடுவது ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் கூடக்குறைய என்பதால் 2 ஆம்பியர் தாராளம். திசை மாறினால் கழியாது, கூடும். அதனால் பெரியதை இணைக்கும் முன் வெறும் முனைகளில் மீட்டரை வைத்தேன். 274 வோல்ட்! அப்போது மெயின் 246. செகண்டரி வயர் இரண்டையும் இடம் மாற்றினேன். 218. லோடு இல்லாத சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 24-க்குப் பதில் 28 வரைக்கும் கொடுக்கிறது என்பதும் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த இணைப்பில் சின்னதன் செகண்டரி ‘வெறும் 24 வோல்ட்’ இல்லை, மெயினோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. தொட்டால் 230 வோல்ட் அடிக்கும். அந்த முனைகளுக்கும் மெயின் வயருக்குரிய ஸ்லீவ் போட்டு, உபயோகப்படாத நடு முனையைத் தனியாக மூடிவிட வேண்டும். முன்னால் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ்.

கடைசியாகப் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் 6 மில்லிமீட்டர் ரப்பர் புஷ் நாலு, போல்ட் தலைக்கு அடியிலும் ரப்பர் வாஷர். மேலே ரப்பர் இல்லாவிட்டால் அதிர்வு போல்ட் வழியாகவே தகரத்துக்கு இறங்கிவிடும், அடியில் வைத்தது வீண். ரப்பர் வைத்ததும் இரும்பு பெட்டியோடு தொடர்பு இழக்கிறது, அதனால் கிளாம்பிலிருந்து எர்த்துக்குத் தனியாக ஒரு பச்சை வயர். அதை முதலில் மறந்துவிட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் காப்பாற்றியது.

நேற்று இரவு மெயின் 251. பெரியதற்குப் போனது 224. 30 சென்டிமீட்டரில் 32 டெசிபல், அறையின் அமைதியைவிட இரண்டுதான் கூட. இரண்டு மணி நேரம் சும்மா ஓடவிட்ட பிறகு இரும்பின் மேல் 46 டிகிரி, முன்பு 58 இருந்தது. போர்டில் டிசி 42 வோல்ட்டிலிருந்து 37-க்கு இறங்கியிருக்கிறது. கணக்குப்படி உச்ச பவரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. காதுக்கு அது ஒரு டெசிபல், எங்கள் வீட்டில் வால்யூம் பாதியைத் தாண்டியதே இல்லை.

மொத்தச் செலவு, எடைக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் 150, ரப்பர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 2,070 ரூபாய். அதில் கெப்பாசிட்டருக்குப் போன 640 முழுக்கத் தண்டம். இன்னொரு தடவை செய்தால் ஸ்பீக்கரைக் கழற்றுவேன், குச்சியால் அழுத்திப் பார்ப்பேன், வார்னிஷ் டப்பாவைத் திறக்கும் முன்பு 10 சுற்றுச் சோதனையைச் செய்வேன். 0.5 வோல்ட் பக்கம் வந்திருந்தால் இரும்பைக் கட்டியாக்கலாம். 0.62 வந்தால் தகடு உருவக்கூடிய நிலையிலேயே அண்ணாச்சி கடைக்குப் போயிருப்பேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோடை மதியத்தில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது மெயின் 205-க்கு இறங்குகிறது. அப்போது இந்தச் சின்னது இன்னும் 23 வோல்ட்டைக் கழித்தால் ஆம்ப்ளிஃபையருக்கு 182-தான் கிடைக்கிறது, டிசி 30 வோல்ட். பின்பக்கம் ஒரு மாற்று ஸ்விட்ச் வைத்து, மதியத்தில் சின்னதைத் தாண்டி நேராகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு தொடர்பை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் வகை ஸ்விட்சாக அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றும் அந்த ஒரு கணத்தில் 24 வோல்ட் செகண்டரி ஷார்ட் ஆகிவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மூன்று கடை பார்த்துவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை மதியத்தில் பாட்டு ரேடியோவில்தான்.